பில்லைப் படிப்பது ஒன்று, பில்லில் உள்ள அட்டவணையைப் படிப்பது வேறு

ஒரு ஹார்டுவேர்ஸ் கடையின் ஒரு வருட பர்ச்சேஸ் பில்களை ஸ்கேன் செய்து கணினியில் போட்டாகிவிட்டது. அதிலிருந்து சரக்கின் பெயர், எண்ணிக்கை, ரேட் மூன்றும் எக்செல்லில் வரிசையாக வரவேண்டும். படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்க ஓசிஆர் மென்பொருள் இருக்கிறது. டெசராக்ட் என்ற இலவச மென்பொருளே தெளிவாக அச்சான பில்லை நன்றாகப் படித்துவிடும். ஆனால் அதற்குத் தெரிவது சொற்கள்தான். எந்த எண் ரேட், எந்த எண் எண்ணிக்கை என்பது அதற்குத் தெரியாது.

அதனால் சொற்களை மட்டும் வாங்காமல், ஒவ்வொரு சொல்லும் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து வாங்க வேண்டும்.

```
tesseract bill.png out --psm 6 tsv
```

இப்படிக் கொடுத்தால் `out.tsv` என்ற கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் `left`, `top`, `width`, `height` என நான்கு அளவுகள் வரும். `top` ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் சொற்கள் ஒரே வரியைச் சேர்ந்தவை. ஆனால் எண்ணிக்கை, ரேட் என மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளைக் கண்டுபிடிக்க `left` மட்டும் உதவாது. பில்லில் எண்களை வலப்பக்கம் ஒட்டித்தான் அச்சடிப்பார்கள். எனவே `left`, `width` இரண்டையும் கூட்டி, எண்ணின் வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும். 5 என்றாலும் 2,500 என்றாலும் அந்த ஓரம் ஒரே இடத்தில்தான் நிற்கும். எண்களே இல்லாத வரி வந்தால், அது பெரும்பாலும் மேல்வரிச் சரக்குப் பெயரின் மிச்சம். அதை மேலே சேர்த்துவிடலாம்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் படம் நேராக இருக்க வேண்டும். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்த ஏ4 தாளின் அகலம் 2480 பிக்சல். தாள் 1 டிகிரி சாய்ந்தாலே ஓரத்துக்கு ஓரம் 40 பிக்சல் போல ஏறி இறங்கிவிடும். நெருக்கமாக அச்சான பில்லில் ஒரு வரியின் உயரமே 50 பிக்சல்தான். கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தால் போதும், முதல் சரக்கின் தொகை இரண்டாவது சரக்கின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, எல்லாம் பத்தி பத்தியாக வந்துவிட்டது. வந்தது சரியா என்று எப்படித் தெரியும்? நல்லவேளையாக, பில்லுக்குள்ளேயே அதற்கான கணக்கு இருக்கிறது. 20 எம்எம் பிவிசி பைப் ஒரு வரியில் இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: எண்ணிக்கை 25, ரேட் 36.50, டிஸ்கவுண்ட் 12 சதவீதம், தொகை 1,903.00, சிஜிஎஸ்டி 9 சதவீதம் 171.27. 25 பைப்புக்கு 36.50 வீதம் 912.50 ரூபாய், டிஸ்கவுண்ட் போக 803.00. தொகையோடு ஒட்டவில்லை.

எங்கே தப்பு? தொகையில் இல்லை. 1,903.00க்கு 9 சதவீதம் சரியாக 171.27 வருகிறது. டிஸ்கவுண்டிலும் இல்லை, டிஸ்கவுண்டே கொடுக்காவிட்டாலும் 912.50ஐத் தாண்டாது. 1,903ஐ 0.88ஆல் வகுத்தால் டிஸ்கவுண்டுக்கு முந்தைய தொகை 2,162.50 கிடைக்கும். ரேட் 36.50 சரி என்று எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை 59.25 போல வருகிறது. கால் பைப்பை யாரும் விற்பதில்லை. எண்ணிக்கை 25 சரி என்றால் ரேட் 86.50. மங்கிய அச்சில் 8 என்பது 3 ஆகிவிட்டது, அவ்வளவுதான். இப்படி இடறும் வரிகளுக்கு மட்டும் எக்செல்லில் மஞ்சள் நிறம் அடித்தால், மனிதக் கண் அவற்றை மட்டும் படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

ஒரு வரியே முழுசாக விடுபட்டால் மேலே பார்த்த பெருக்கல் கணக்கு அதைக் காட்டாது. மொத்தத் தொகைதான் காட்டும். இ-இன்வாய்ஸ் பில் என்றால் இன்னொரு வசதி உண்டு. அதன் க்யூஆர் கோடில் பில் எண், தேதி, மொத்தத் தொகை ஆகியவற்றோடு எத்தனை வரிச் சரக்கு என்பதும் இருக்கும். சரக்கு விவரம் அதில் இருக்காது என்பதுதான் குறை.

பெருக்கலுக்குப் பிடிபடாத தப்புகளும் உண்டு. எண்ணிக்கையும் ரேட்டும் இடம் மாறினால் விடை அதேதான் வரும். 40 பெண்டு, ஒன்று 25 ரூபாய் என்பது 25 பெண்டு, ஒன்று 40 ரூபாய் ஆகிவிடும். முந்தைய பில்லில் அதே சரக்கின் ரேட்டோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

அந்த ஒப்பீட்டுக்குச் சரக்கின் பெயர் எல்லா பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும், எனக்குத் தெரிந்து ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு சப்ளையர் 'பிவிசி பைப் 20எம்எம்' என்பார், இன்னொருவர் '20 எம்எம் பைப் பிவிசி ஹெவி' என்பார். எழுத்து ஒற்றுமையை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் சூத்திரம் இவற்றை வேறு வேறு சரக்கு என்று பிரித்துவிடும். 20 எம்எம், 25 எம்எம் பைப்புகளுக்கு இடையே வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து என்பதால் அவற்றை ஒன்றாக்கிவிடும். பெயரிலிருந்து அளவைத் தனியே பிரித்தெடுத்து, அது அச்சுப் பிசகாமல் பொருந்தினால் மட்டும் மற்ற சொற்களைத் தளர்வாக ஒப்பிட வேண்டும்.