12 மணி நேரத்துக்கு முன்பு இங்கே இருந்தது

கடையைத் திறந்து ஊதுபத்திகூட ஏற்றவில்லை. ஒரு பெண்ணும் அவர் கணவரும் ஐபோனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். முந்தின நாள் இரவு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், அத்தை மகளுக்கு மருதாணி. இவரும் கையை நீட்டியிருக்கிறார். வாட்சைக் கழற்றி எங்கேயோ வைத்திருக்கிறார். எங்கே என்பது மட்டும் நினைவில்லை. சிம் இல்லாத ஜிபிஎஸ் வகை ஆப்பிள் வாட்ச் எஸ்இ.

"அண்ணா, மேப்ல மண்டபத்துக்கு வெளியே ரோட்டுல காட்டுது. யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க போல" என்றார். கணவர் இன்னொரு படி மேலே போயிருந்தார். தொலைந்த ஆப்பிள் சாதனங்களைத் தேடும் Find My செயலியில், வாட்சைக் கணக்கிலிருந்து நீக்கும் Remove This Device என்ற இடத்துக்கு வந்து, அழுத்தலாமா என்று கேட்டார். திருடன் கையில் நம் விவரம் எதுவும் இருக்கக் கூடாதாம். நல்லவேளை, கேட்டுவிட்டு அழுத்த நினைத்தார்.

அந்த வரைபடத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். புள்ளியைப் பார்த்ததும் வாட்ச் இப்போது அங்கே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அது வாட்ச் கடைசியாகத் தகவல் கொடுத்த இடம், அவ்வளவுதான். புள்ளியைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அர்த்தம். இவருடைய புள்ளி ரோட்டில் விழுந்திருந்தாலும் மண்டபம் முழுக்க வட்டத்துக்குள்தான் இருந்தது.

புள்ளியைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது அதன் கீழே இருந்த சின்ன எழுத்து: 12 மணி நேரத்துக்கு முன். அப்போது காலை மணி 10. அப்படியென்றால் தகவல் நின்றது இரவு 10 மணி வாக்கில். "மண்டபத்திலிருந்து எப்போது கிளம்பினீர்கள்?" என்று கேட்டேன். யோசித்தார். பிறகு டாக்ஸி செயலியைத் திறந்து பார்த்ததில், வண்டி ஏறிய நேரம் 9.50 என்று இருந்தது.

சிம் இல்லாத வாட்ச், பக்கத்தில் இருக்கும் தன் ஐபோன் வழியாகவோ, ஏற்கெனவே பழகிய வைஃபை வழியாகவோதான் பேசும். மண்டபத்து வைஃபையில் இவர் சேரவே இல்லை. ஆக, 9.50 வரை போன் பக்கத்தில் இருந்ததால் வாட்ச் பேசியது. போன் வண்டியேறிப் போனதும் தொடர்பு அறுந்தது. அவர் பையிலேயே கிடந்திருந்தால் காவிரிப் பாலம் தாண்டி கருமண்டபம் வீடு வரைக்கும் கூடவே வந்து, கடைசி இடமாக வீட்டைக் காட்டியிருக்கும். 8 மணிக்கே யாராவது எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் தொடர்பு அப்போதே அறுந்திருக்கும். இந்தக் கணக்கில் ஒரே ஓட்டை, சரியாக அந்த நேரத்தில் சார்ஜ் தீர்ந்திருப்பது. சாயங்காலம் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்ததாகச் சொன்னார். சரி, இவர் கிளம்பும்போது வாட்ச் மண்டபத்தில்தான் இருந்திருக்கிறது. அதன்பிறகு யார் கையில் என்பதை வரைபடம் சொல்லாது.

அடுத்து பூட்டு. கிளம்புவதற்கு முன்பே Mark As Lost போடச் சொன்னேன். உங்கள் ஐஓஎஸ் பதிப்பைப் பொறுத்து இந்தப் பெயர் கொஞ்சம் மாறியிருக்கலாம், Lost என்ற சொல்லைத் தேடுங்கள். அதில் கணவரின் எண்ணையும், "கிடைத்தால் கூப்பிடுங்கள்" என்று ஒரு வரியும் கொடுத்தோம். வாட்ச் தொடர்பில் இல்லாததால் உடனே எதுவும் நடக்காது. கட்டளை காத்திருக்கும், வாட்ச் எப்போது தொடர்புக்கு வருகிறதோ அப்போது பூட்டிக்கொண்டு அந்த வரியைத் திரையில் காட்டும். Notify When Found என்பதையும் போட்டு வைத்தோம், தொடர்பு கிடைத்ததும் போனுக்குத் தகவல் வரும்.

கணவர் அழுத்தப் பார்த்த பொத்தானுக்கு வருகிறேன். Find My இயங்கும் ஐபோனோடு வாட்சை இணைத்த நாளிலிருந்தே Activation Lock என்ற ஒரு பூட்டு தானாக விழுந்திருக்கும். எடுத்தவர் வாட்சை முழுக்க அழித்துப் புதிதாக்கினாலும், உங்கள் கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் வேறு போனோடு சேர்க்க முடியாது. கணக்கிலிருந்து வாட்சை நீக்கினால் இந்தப் பூட்டை நீங்களே கழற்றிக் கொடுக்கிறீர்கள். போனில் Unpair செய்தாலும் அதே கதைதான். உள்ளே இருப்பது வெளியே போய்விடும் என்று பயமாக இருந்தால் Erase This Device போதும். அழித்த பிறகும் பூட்டு நிற்கும், கணக்கிலிருந்து நீக்காத வரைக்கும். பழைய வாட்சை விற்க வருகிறவர்களிடம் 'நீக்குங்கள், நீக்குங்கள்' என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிற நானே, தொலைத்தவர்களிடம் 'நீக்காதீர்கள்' என்று கெஞ்சுகிறேன்.

அப்புறம்தான் ஒலி. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து Play Sound பொத்தானை இருபது முறையாவது அழுத்தினேன் என்றார் அந்தப் பெண். எட்டு கிலோமீட்டர் தள்ளி, தொடர்பே இல்லாத வாட்ச் எப்படிக் கத்தும்? போனை மண்டபத்துக்கே கொண்டுபோக வேண்டும். கட்டடத்துக்குள் ப்ளூடூத் பத்து மீட்டர் எட்டினால் பெரிது. சுவர், இரும்பு பீரோ குறுக்கே வந்தால் அதுவும் குறையும். அதனால் ஒவ்வொரு அறையாகப் போய், அரை நிமிடம் நின்று, ஒலியை அழுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கச் சொன்னேன். ஐஓஎஸ் 17 அல்லது அதற்கு மேல் என்றால் கன்ட்ரோல் சென்டரிலேயே Ping My Watch உண்டு, நடந்துகொண்டே அழுத்த அது வசதி. ஆப்பிள் சொல்லும் கணக்குப்படி எஸ்இ ஒரு சார்ஜில் 18 மணி நேரம் தாங்கும். கையில் கட்டாமல் சும்மா கிடந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். இருந்தாலும் மதியத்துக்குள் போய்விடுங்கள் என்று விரட்டினேன்.

12.15-க்குப் போன் வந்தது. மேடை, சாப்பாட்டுக் கூடம், மணமகள் அறை மூன்றிலும் சத்தமே இல்லை. மாடிப்படிக்குக் கீழே சாமான் அறைப் பக்கம் போனதும் சில்வண்டு மாதிரி மெல்லிய சத்தம். சுருட்டி அடுக்கிய ஜமக்காளங்களில் மூன்றாவதை விரித்தபோது உருண்டு விழுந்ததாம். மருதாணிக்கு உட்கார்ந்திருந்த அதே ஜமக்காளம். திரையில் கணவரின் எண் ஓடிக்கொண்டிருந்தது, சார்ஜ் 9 சதவீதம்.

புள்ளி மண்டபத்தில் இல்லாமல் யாரோ ஒருவர் வீட்டில் விழுந்திருந்தால் நான் அவர்களை அங்கே அனுப்பியிருக்க மாட்டேன். வட்டத்துக்குள் நாலு வீடு இருக்கும், எந்தக் கதவைத் தட்டுவது? அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு, வாட்ச் பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணோடு காவல் நிலையத்துக்குத்தான் போகச் சொல்லியிருப்பேன்.

இதெல்லாம் இரண்டாயிரம் ரூபாய் ப்ளூடூத் வாட்சுக்குப் பொருந்தாது. அவற்றில் பெரும்பாலும் ஜிபிஎஸ் கிடையாது, தூரத்திலிருந்து பூட்டவும் முடியாது. 'வாட்சைத் தேடு' என்று இருக்கும் பொத்தான் பலவற்றில் அதிர மட்டும் வைக்கும். மெத்தையில் கிடந்தால் அதுவும் கேட்காது. அதற்கு நான் கடையில் செய்யும் வேலை வேறு. வாட்சோடு சேர்ந்த போனில் ப்ளூடூத்தை அணைத்துவிடுவேன். பிடி விட்டதும் வாட்ச், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மறுபடி அறிவிக்கத் தொடங்கும். இன்னொரு போனில் nRF Connect என்ற இலவசச் செயலியைப் போட்டு ஸ்கேன் செய்தால் வாட்சின் பெயரும், பக்கத்தில் dBm என்று ஒரு எண்ணும் வரும். மைனஸ் 90 என்றால் தூரம், மைனஸ் 50 என்றால் கைக்கெட்டும் இடம். அந்த எண் எந்தப் பக்கம் சுருங்குகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டியதுதான். போன மாதம் ஒரு பையனின் வாட்சை இப்படித் தேடிப் போய், வாஷிங் மெஷினுக்குள் இருந்த பள்ளிச் சீருடைப் பையில் எடுத்தோம். நல்லவேளை, அவன் அம்மா இன்னும் தண்ணீர் திறக்கவில்லை.