ஆறு அளவீடுகளிலிருந்து ஒரு மடிப்பு அச்சு: ஸ்டீரியோநெட் எப்படி வேலை செய்கிறது

மடிந்து கிடக்கும் பாறையில் மடிப்பின் அச்சை நேரடியாகக் காம்பஸ் வைத்து அளக்கும் வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கும். பெரும்பாலும் அந்த வளைவு மண்ணுக்கு அடியில் போயிருக்கும், அல்லது அரித்துப்போய் மேலே இருந்த பகுதியே இல்லாமல் இருக்கும். கையில் கிடைப்பதெல்லாம் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துருத்திக்கொண்டிருக்கும் படுகைகள், அவை ஒவ்வொன்றின் ஸ்ட்ரைக்கும் டிப்பும், அதாவது படுகையின் மேல் வரையும் கிடைமட்டக் கோட்டின் திசையும் படுகை கீழே இறங்கும் கோணமும், அவ்வளவுதான். இந்தச் சிதறிய எண்களை வைத்து, கண்ணால் பார்க்காத ஒரு அச்சு எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து போகிறது என்று சொல்ல முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரே ஒரு வடிவியல் உண்மை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் ஸ்டீரியோநெட்டில் செய்யும் ஒவ்வொரு அசைவும் ஏன் என்று தானாகவே விளங்கிவிடும்.

ஒரு தாளை எடுத்து நடுவில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைந்த தாளின் எந்த இடத்தில் நின்றாலும், அங்கே தாளின் மேலேயே படுத்தபடி வளைவின் முதுகுக்கு இணையாக ஒரு நேர்கோடு வரையலாம். இப்போது அதே இடங்களில் தாளுக்குச் செங்குத்தாக ஒவ்வொரு பென்சிலை நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பென்சில்களும் வேறு வேறு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், ஆனாலும் எல்லாமே அந்த முதுகுக்கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும். அதாவது, எல்லாப் பென்சில்களின் திசைகளும் ஒரே தளத்தில் அடங்கும். அந்தத் தளத்துக்குச் செங்குத்தான திசைதான் நாம் தேடும் மடிப்பு அச்சு. முறை மொத்தமும் இதுதான். ஸ்டீரியோநெட் என்பது இந்த முப்பரிமாண வேலையைத் தட்டையான ஒரு வட்டத்துக்குள் செய்துகொள்ள உதவும் வரைபடத் தாள்.

அந்த வட்டம் எங்கிருந்து வருகிறது? ஒரு கோளத்தின் நடுவில் பாறைப் படுகையை வைத்தால், படுகைத் தளம் கோளத்தின் கீழ்ப்பாதியை ஒரு வில்லாக வெட்டும். அதைக் கிடைமட்டத் தட்டில் பதித்தால் கிடைப்பது பெருவட்டம். படுகைக்குச் செங்குத்தான கோடு (நம்முடைய பென்சில்) அந்தக் கீழ்ப்பாதியை ஒரே புள்ளியில் தொடும், அதுதான் அந்தப் படுகையின் துருவம். வெளிவட்டத்தில் இருக்கும் புள்ளி என்றால் கிடைமட்டம், நடு மையம் என்றால் நேர் கீழே. கட்டமைப்புப் புவியியலில் வழக்கமாகக் கீழ் அரைக்கோளத்தையே பயன்படுத்துவார்கள். நெட்டில் இரண்டு வகை உண்டு. கோணங்களைக் காப்பது வுல்ஃப் நெட், பரப்பைக் காப்பது ஷ்மிட் நெட். மடிப்புக்கு ஷ்மிட்தான் நல்லது, ஏனென்றால் நூற்றுக்கணக்கான துருவங்கள் எங்கே நெருங்கியிருக்கின்றன என்று பார்க்கும்போது வுல்ஃப் நெட் மையப் பகுதியைச் சுருக்கி, அங்கே இல்லாத கூட்டம் இருப்பதுபோலக் காட்டிவிடும்.

சரி, ஒரு கணக்கைப் போடுவோம். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் ஆறு அளவீடுகள்: 054/60, 047/50, 036/40, 340/25, 284/40, 266/60. முதல் எண் ஸ்ட்ரைக், இரண்டாவது டிப். வலக்கை விதிப்படி எழுதியிருக்கிறேன், அதாவது ஸ்ட்ரைக் திசையைப் பார்த்து நின்றால் படுகை நம் வலது பக்கம் இறங்கும். 054/60 என்றால் படுகை 144° திசையை நோக்கி, தென்கிழக்காக இறங்குகிறது.

நெட்டின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, மையத்தில் அடியிலிருந்து ஒரு குண்டூசியைக் குத்தி, பேப்பர் அதைச் சுற்றிச் சுழலும்படி செய்துகொள்ளுங்கள். வெளிவட்டத்தை வரைந்து வடக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும், இந்தக் குறி இல்லாமல் ஒன்றும் நடக்காது. முதல் அளவீட்டுக்கு, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 54° எண்ணி வெளிவட்டத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். அந்தக் கோடு நெட்டின் வடக்குக்கு நேராக வரும்வரை பேப்பரைச் சுழற்றுங்கள். இப்போது நெட்டின் கிழக்கு-மேற்குக் கோட்டில், வலது விளிம்பிலிருந்து உள்ளே 60° எண்ணினால் எந்தப் பெருவட்டம் வருகிறதோ அதுதான் படுகை. அதே நிலையில், பேப்பரை அசைக்காமல், மையத்திலிருந்து இடது பக்கமாக 60° எண்ணி ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் துருவம். பெருவட்டம் அந்தக் கோட்டை வெட்டும் இடத்துக்கும் இந்தப் புள்ளிக்கும் நடுவில் சரியாக 90° இருக்க வேண்டும், அதைச் சரிபார்த்துக்கொண்டே போனால் பாதிப் பிழைகள் அங்கேயே நின்றுவிடும். பேப்பரைத் திரும்ப வடக்குக்குக் கொண்டுவந்து அடுத்ததற்குப் போகலாம். பழகியபின் பெருவட்டத்தை வரையவே வேண்டாம், துருவம் மட்டும் போதும்.

ஆறு துருவங்களும் வைத்து முடித்ததும் பார்த்தால், அவை வடமேற்கில் தொடங்கி, மையத்துக்கு மேற்கே வளைந்து, தெற்கே முடியும் ஒரு வில்லில் வரிசையாக நிற்கும். இப்போது பேப்பரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே போங்கள், ஏதோ ஒரு நிலையில் ஆறு புள்ளிகளும் நெட்டின் ஒரே பெருவட்டத்தின் மேல் வந்து உட்காரும். நிஜ அளவீடுகளில் ஒன்றிரண்டு டிகிரி முன்பின்னாகத்தான் உட்காரும், அது இயல்பு. நம் கணக்கில் அந்தப் பெருவட்டம் 250° திசையில் 65° இறங்குகிறது. கிழக்கு-மேற்குக் கோட்டிலேயே, அது வெட்டும் இடத்திலிருந்து மையத்தைத் தாண்டி 90° எண்ணி ஒரு புள்ளி வைத்தால், அதுதான் மடிப்பு அச்சு. இதை பை புள்ளி என்பார்கள். அந்தப் புள்ளி விளிம்பிலிருந்து எத்தனை டிகிரி உள்ளே இருக்கிறது என்று எண்ணுங்கள்: 25. அது அச்சின் பிளஞ்ச், அதாவது அச்சு கிடைமட்டத்திலிருந்து கீழே இறங்கும் கோணம். புள்ளிக்கு நேரே விளிம்பில் ஒரு குறி போட்டு, பேப்பரை வடக்குக்குத் திருப்பி, குறியின் திசையைப் படித்தால் 070. ஆக, அச்சு 070° திசையில் 25° இறங்குகிறது.

விடை சரிதானா என்று கால்குலேட்டரில் பார்த்துவிடலாம். அச்சு ஒவ்வொரு படுகையிலும் கிடக்கும் கோடு என்பதால், இது பொருந்த வேண்டும்:

tan(பிளஞ்ச்) = tan(டிப்) × cos(டிப் திசைக்கும் அச்சுத் திசைக்கும் இடையிலான கோணம்)

036/40 படுகையின் டிப் திசை 126°, அச்சுக்கும் அதற்கும் இடையில் 56°. tan 40° என்பது 0.84, cos 56° என்பது 0.56, பெருக்கினால் 0.47, அதற்கான கோணம் 25°. பொருந்துகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது: துருவங்களை விட்டுவிட்டு, பெருவட்டங்களையே வரைந்து அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியை அச்சு என்று எடுத்துக்கொள்வது. பீட்டா வரைபடம் என்று பெயர். பார்க்க இன்னும் நேரடியாகத் தெரியும், அதனால் தொடக்கத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஆறு பெருவட்டங்கள் என்றாலே 15 வெட்டுப்புள்ளிகள், இருபது என்றால் 190. எண்ணிக்கைகூடப் பெரிய தொல்லை இல்லை, எல்லா வெட்டுப்புள்ளிகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பதுதான் தொல்லை. நம் முதல் இரண்டு அளவீடுகளையே பாருங்கள், 054/60, 047/50. மடிப்பின் ஒரே பக்கத்தில் கிடப்பவை என்பதால் அவற்றின் பெருவட்டங்கள் கிட்டத்தட்ட ஒன்றை ஒன்று ஒட்டியே போய், மிகக் குறுகிய கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் இடம் 069/24, அதாவது 069° திசையில் 24° பிளஞ்ச், நல்ல விடைதான். இப்போது முதல் ஸ்ட்ரைக்கை 3° தவறாக, 051 என்று படித்துவிட்டோம் என்று வையுங்கள், சொரசொரப்பான படுகையில் அந்த அளவு தவறு சாதாரணம். வெட்டுப்புள்ளி உடனே 060/15-க்கு ஓடிவிடுகிறது. மூன்று டிகிரித் தவறுக்கு, திசையில் 9°, பிளஞ்சில் 9°. துருவ முறையில் அதே தவறு அந்த ஒரு புள்ளியை 3°-க்கும் குறைவாகத்தான் நகர்த்தும், மற்ற ஐந்து புள்ளிகளும் பெருவட்டத்தை அதன் இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும்.

துருவ முறையிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. அதிகம் நடப்பது டிப்பைத் தப்பான பக்கம் போடுவது. 266/60 என்பதை 086/60 என்று குறித்துவிட்டால், அதன் துருவம் தெற்கில் 176° பக்கம் விழாமல் நேர் எதிரே 356° பக்கம் போய் விழும். மற்ற ஐந்தும் வரிசையில் நிற்க, ஒன்று மட்டும் அப்படித் தனியாக நின்றால், அந்தப் புள்ளியை மையத்தின் மறுபக்கத்துக்கு மனதில் மாற்றிப் பாருங்கள். அங்கே வரிசையில் பொருந்திவிட்டது என்றால் குறிப்பேட்டில்தான் தவறு.

இன்னொன்று கொஞ்சம் ஆழமானது. மடிப்பு மிகவும் இறுக்கமாக, இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று இணையாக ஒட்டிக் கிடந்தால், எல்லாத் துருவங்களும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஒரு குவியல் வழியாக எத்தனை பெருவட்டம் வேண்டுமானாலும் வரையலாம், எனவே அச்சு கிடைக்காது. அப்போது வளைவுப் பகுதியில் எடுத்த ஓரிரண்டு அளவீடுகள், பக்கங்களில் எடுத்த ஐம்பதைவிட மதிப்புள்ளவை. நம் கணக்கில் 340/25 அப்படிப்பட்டது. மேலும், துருவங்கள் எவ்வளவு சுழற்றினாலும் பெருவட்டத்தில் உட்காராமல் அதைவிடச் சிறிய ஒரு வட்டத்தை ஒட்டி நின்றால், அந்த மடிப்பு உருளை வடிவில் இல்லை, கூம்பு வடிவில் இருக்கலாம். ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடந்தால், ஒருமுறை மடிந்த பாறை மறுபடியும் மடிந்திருக்கலாம். அந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் சராசரியாக ஒரு பெருவட்டத்தைத் திணிக்கக் கூடாது. நிலப்படத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நெட் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், 070/25 என்ற விடை நமக்கு எதைச் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இது மேல்மடிப்பா கீழ்மடிப்பா என்று நெட்டுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒரு அளவீட்டை நெட்டில் வைத்த நொடியிலேயே அது எந்த இடத்தில் எடுத்தது என்ற செய்தி போய்விடுகிறது. நிலப்படத்துக்குத் திரும்பிப் போய், தென்கிழக்காக இறங்கும் படுகைகள் மடிப்பின் தென்கிழக்குப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மேல்மடிப்பு, அவை வடமேற்குப் பக்கத்தில் இருந்தால் கீழ்மடிப்பு. மடிப்பை இரண்டு பக்கங்களாகப் பிரிக்கும் அச்சுத் தளத்துக்கும் இதே கதைதான், ஒரு கோட்டின் வழியாக எத்தனையோ தளங்கள் போகும். தட்டையான நிலத்தில் மடிப்பின் வளைவுகளை இணைக்கும் தடம் 070° திசையிலேயே போனால் அச்சுத் தளம் செங்குத்து. அதே தடம் 064° திசையில் போகிறது என்றால், விளிம்பில் 064-ஐயும் உள்ளே 070/25 புள்ளியையும் சேர்த்து ஒரு பெருவட்டம் வரையுங்கள், அச்சுத் தளம் தென்கிழக்குப் பக்கமாக 77° இறங்குவது தெரியும்.