சோலார் கொட்டேஷனில் எழுதாமல் விடும் 40 மீட்டர் வயர்

காரிமங்கலம் பக்கம் ஒரு வீடு. தெருவை ஒட்டிப் பழைய ஓட்டு வீடு, அதற்குப் பின்னால் தென்னைகளைத் தாண்டி மகன் கட்டிய மாடி வீடு. இபி மீட்டர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. சோலார் போட்டது பின்வீட்டு மொட்டைமாடியில். போட்டு ஏழு மாதம் ஆனபிறகு பெரியவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நல்லா வெயில் அடிக்கிற நேரத்துலதான் நின்னு நின்னு போகுது. பேனல் மோசமா இருக்குமோ, வந்து ஒரு எட்டு பாருங்க."

அந்த வேலையை நான் செய்யவில்லை. கொட்டேஷன் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். என்னைவிட 22,000 ரூபாய் குறைத்துச் சொன்னவருக்கு வேலை போனது. பெரியவர் இரண்டு தாளையும் பத்திரமாக வைத்திருந்தார், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

இரண்டிலும் "3 கிலோவாட்" என்றுதான் இருந்தது. ஆனால் அவர்கள் போட்டது, பேனலின் டிசியை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வர்ட்டர் 3 கிலோவாட்டிலும் 540 வாட் பேனல் ஐந்தும். அதாவது பேனல் கணக்கில் 2.7 கிலோவாட். நான் எழுதியது ஆறு பேனல், 3.24 கிலோவாட். நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாக ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் அந்த ஒரு பேனல் குறைந்ததில் தினமும் இரண்டு யூனிட் போகிறது. மானியத்திலும் இடிக்கும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். பேனல், இன்வர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. 2.7 என்றால் 72,600 தான் வரும். ஆகவே "எத்தனை கிலோவாட்" என்று கேட்பதைவிட "எத்தனை பேனல், ஒன்று எத்தனை வாட்" என்று கேளுங்கள்.

பேனல் தரத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மானியம் வேண்டுமென்றால் பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டிசிஆர் பேனல் என்கிறோமே, அதுதான். அதைத்தான் போட்டிருந்தார்கள், சீரியல் நம்பர்களும் பில்லோடு பொருந்தின. பொதுவாக ஏமாறுவது "25 வருட வாரண்டி" என்ற வரியில். அது மின் உற்பத்தி எவ்வளவு குறையலாம் என்பதற்கான உத்தரவாதம். பேனலே பழுதானால் மாற்றித் தரும் வாரண்டி தனி, அது பெரும்பாலும் 10, 12 வருடம்தான். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

சரி, வெயிலில் ஏன் நின்றது? பெரியவரின் பேரன் செல்போனில் ஆப்பைத் திறந்து காட்டினான். காலையில் வளைவாக ஏறும் கோடு 11 மணியிலிருந்து 2 மணி வரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. ஒவ்வொரு பல்லுக்கும் `Grid Overvoltage`, அதாவது லைன் வோல்டேஜ் கூடிவிட்டது என்று ஒரு செய்தி. பேனல் கெட்டிருந்தால் கோடு நாள் முழுக்கத் தாழ்ந்திருக்கும், இப்படி வெட்டி வெட்டி வராது.

மீட்டர் அருகே அளந்தேன், 259 வோல்ட். மாடியில் இன்வர்ட்டர் முனையில் 264 தாண்டியது. அந்த இன்வர்ட்டரின் மேல் எல்லை 264. அதைத் தொட்டதும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், சற்று நேரம் பொறுத்து மறுபடி இணையும், மறுபடி நிற்கும்.

இந்த ஐந்து வோல்ட் எங்கிருந்து வந்தது? வயரிலிருந்து. இன்வர்ட்டர் மின்சாரத்தை லைனுக்குள் தள்ள வேண்டும் என்றால் லைனைவிடக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜில் நிற்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை வயரின் தடைதான் தீர்மானிக்கிறது. அவர்கள் இழுத்திருந்தது 2.5 ஸ்கொயர் காப்பர், அதாவது கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர். இன்வர்ட்டரிலிருந்து மீட்டருக்கு 40 மீட்டர், போக வர 80 மீட்டர். அதன் தடை சுமார் 0.6 ஓம். உச்சி வெயிலில் 9 ஆம்பியர் ஓடும்போது ஐந்து வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். அதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் போட்டால் ஏற்றம் இரண்டேகால் வோல்ட்தான். வெயில் கூடினால் ஆம்பியர் கூடும், ஏற்றமும் கூடும். நல்ல வெயிலில் மட்டும் நிற்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

6 ஸ்கொயர் மாற்றினோம். நிற்பது வெகுவாகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அந்த வீடு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரப் பம்புசெட்டுகள் ஓடாத நேரத்தில் லைன் வோல்டேஜ் இன்னும் ஏறும். 240 வோல்ட்டில் 6 சதவீதம், அதாவது 254 வரைதான் கூடலாம் என்பது விதி. அதைச் சொல்லி இபியில் மனு கொடுத்தோம். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றிய பிறகு மீட்டரில் 249 காட்டியது. அதற்கப்புறம் கோடு நிமிர்ந்தது. சிலர் இன்வர்ட்டரின் எல்லையையே ஏற்றி வைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று போய்விடுவார்கள். அந்தக் கூடுதல் வோல்டேஜ் வீட்டு டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான் போகிறது.

இதில் என் தப்பையும் சொல்லியாக வேண்டும். என் கொட்டேஷனில் 6 ஸ்கொயருக்குத்தான் பணம் போட்டிருந்தேன். ஆனால் தாளில் எழுதியது "வயரிங், தேவைக்கேற்ப" என்ற ஒரே வரி. அவர்கள் தாளிலும் ஏறக்குறைய அதே வரி. என்னுடையது ஏன் அதிகம் என்று பெரியவருக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் அளக்கும் டேப் எடுத்துக்கொண்டு போய், கேபிள் போகும் வழியையே அளந்து, எத்தனை மீட்டர், எத்தனை ஸ்கொயர் என்று எழுதித்தான் தருகிறேன். வீட்டைப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கொட்டேஷனில் இந்த எண் இருக்காது, இருந்தாலும் அது ஊகம்.

பேனலிலிருந்து இன்வர்ட்டர் வரை வரும் டிசி கேபிளும் தனி வரியாக இருக்கட்டும். 4 ஸ்கொயர் சோலார் கேபிள் வேண்டும், அதன் உறையில் 1500 வோல்ட் டிசி என்று அச்சிட்டிருக்கும். வீட்டு வயரில் 1100 வோல்ட் என்றுதான் இருக்கும். அதை மாடி வெயிலில் போட்டால் சில வருடத்தில் உறையில் வெடிப்பு விழும். டிசியில் ஒரு முறை பொறி கிளம்பினால் ஏசி மாதிரி தானாக அணையாது.

எர்த் விஷயம் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் தனித் தலைவலி. ஸ்ட்ரக்சருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று குழி எல்லாக் கொட்டேஷனிலும் இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்றடி தோண்டினாலே பாறை தட்டுகிற இடங்கள் உண்டு. எர்த் கம்பியை அறுத்து, மிச்சத்தைப் புதைத்து, மேலே மூடி போட்டுவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. பாறை இருந்தால் ஆழத்துக்குப் பதில் அகலத்தில் போகலாம்: ஆழமில்லாத குழிகள் இரண்டு மூன்றை இணைக்கலாம், அல்லது எர்த் பட்டையைக் கிடைமட்டமாகப் புதைக்கலாம். செலவு கூடும். ஆகவே குழி எண்ணிக்கையை விட்டுவிட்டு, "எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் காட்டித் தருவோம்" என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் சித்திரை வெயிலில் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள், மழைக்காலத்து அளவை நம்ப முடியாது.

சர்வீஸ் பற்றி ஒன்றுதான். மானியத் திட்டத்தில் போட்டவர் ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும். அது தாளில் இருக்கிறதா, எத்தனை நாளில் வருவார், இன்வர்ட்டர் கம்பெனிக்குப் போனால் கழற்றி மாட்டும் கூலி யாருடையது என்று கேட்டுவிடுங்கள். பெரியவரின் தாளில் "ஃப்ரீ சர்வீஸ்" என்று மட்டும் இருந்தது. அந்த நம்பருக்கு அவர் நான்கு முறை அடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

கழற்றிய 2.5 ஸ்கொயர் வயரைச் சுருட்டி வைத்திருந்தார். இப்போது அது மாட்டுக் கொட்டகை லைட்டுக்குப் போகிறது, அந்த வேலைக்கு அது தாராளம்.