31 ஸ்லைடுகளில் சிதறிக் கிடந்த 23 வரிகள்

கோவைக்கு அருகிலுள்ள ஒரு நூற்பாலையின் கூரையில் 500 கிலோவாட் சூரிய மின் நிலையம் அமைப்பதற்கான முன்மொழிவைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு ஆலை நிர்வாகம் என்னைக் கேட்டிருந்தது. நிலையத்தை அமைத்துத் தர முன்வந்த நிறுவனம் அனுப்பிய பிபிடியில் 31 ஸ்லைடுகள். மூலதனச் செலவு 2.10 கோடி ரூபாய், ஆண்டு உற்பத்தி 7.5 லட்சம் யூனிட், போட்ட முதல் திரும்பும் காலம் 3.1 ஆண்டு என்ற மூன்று எண்களும் பெரிய எழுத்தில் இருந்தன. இடர்கள் என்று தலைப்பிட்ட ஸ்லைடு ஒன்றுகூட இல்லை. ஆனால் நட்சத்திரக் குறிகளுக்குக் கீழும், அட்டவணைகளின் கடைசிக் கட்டத்திலும், வரைபடங்களின் ஓரத்திலுமாகப் பொடி எழுத்தில் 23 வரிகள் இருந்தன. அந்த மூன்று எண்களும் இந்த 23 வரிகளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

யாரோ திட்டமிட்டு மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. இத்தகைய பிபிடியை ஒருவரே உட்கார்ந்து எழுதுவதில்லை. உற்பத்திக் கணக்கை வடிவமைப்புப் பிரிவும், விலையைக் கொள்முதல் பிரிவும், நிபந்தனைகளைச் சட்ட ஆலோசகரும் தருகிறார்கள். விற்பனைப் பிரிவு அவற்றை ஒட்டித் தருகிறது. ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தேவையான தற்காப்பு வரியைத் தன் ஸ்லைடிலேயே எழுதிவிடுகிறார். எல்லா வரிகளையும் சேர்த்து வைத்துப் படிக்கும் பொறுப்பு எழுதுபவர் யாருக்கும் இல்லாததால், அது வாங்குபவரின் தலையில் விழுகிறது.

இந்த வரிகளைத் திரட்டி, அனுமானங்களும் இடர்களும் அடங்கிய பதிவேடாக்கும் வேலையில் முதல் விதி, வரியை உள்ளபடியே எடுத்து எழுதுவது. ஸ்லைடு எண், எந்த இடத்தில் இருந்தது, எந்த எண்ணை அல்லது வாக்குறுதியை அது கட்டுப்படுத்துகிறது என்ற மூன்றையும் அருகிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில் நம் சொந்தச் சொற்களில் சுருக்கி எழுதினால், பின்னால் விவாதம் வரும்போது அவர்கள் சொன்னது எது, நாம் புரிந்துகொண்டது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். கோப்பில் சொல்லைத் தேடி எடுத்துவிடலாம் என்பதும் முழுதாகப் பலிக்காது. வரைபடமாகவோ புகைப்படமாகவோ ஒட்டப்பட்ட பகுதிகளில் உள்ள எழுத்து தேடலில் அகப்படாது. ஸ்லைடுகளுக்குக் கீழே பேசுபவருக்காக எழுதி வைக்கும் குறிப்புகளையும் திறந்து பார்க்க வேண்டும். இந்தக் கோப்பில் 12ஆம் ஸ்லைடின் கீழே, ஆலையின் மின் பேனலில் இணைப்புக்கு இடம் இருப்பதாக எடுத்துக்கொண்டதாக ஒரு குறிப்பு இருந்தது. அது எங்கள் கண்ணில் படவேண்டும் என்று எழுதப்பட்டதல்ல. ஆனாலும் 23 வரிகளில் அதுவும் ஒன்று.

அடுத்ததாக, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நிற்கும் எண்களைத் தேட வேண்டும். நட்சத்திரக் குறி உள்ள எண்ணைப் பற்றி எழுதியவரே ஒருமுறை யோசித்திருக்கிறார். குறியே இல்லாத எண்ணைப் பற்றி எவரும் யோசிக்காமல் விட்டிருக்கக்கூடும். சேமிப்பைக் கணக்கிட்ட 26ஆம் ஸ்லைடில் ஒரு யூனிட்டுக்கு 9 ரூபாய் மிச்சமாகும் என்று கொண்டிருந்தார்கள். அடிக்குறிப்பு ஏதும் இல்லை. ஆலையின் மின் பில்லை எடுத்துப் பார்த்தபோது அந்த 9 ரூபாய் எப்படி வந்தது என்பது விளங்கியது: மாதத்தின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டுகளால் வகுத்திருக்கிறார்கள். உயரழுத்த இணைப்பின் பில்லில், பயன்படுத்திய யூனிட்டுக்கான கட்டணம் தனி, உச்சத் தேவைக்கான டிமாண்ட் கட்டணம் தனி. மூன்று ஷிப்டும் ஓடும் நூற்பாலையில் இரவிலும் அதே சுமைதான் இருக்கும் என்பதால், பகலில் மட்டும் கிடைக்கும் சூரிய மின்சாரம் டிமாண்ட் கட்டணத்தைக் குறைக்காது. குறையக்கூடியது யூனிட் கட்டணம் மட்டுமே; அந்தப் பில்லில் அது 7.25 ரூபாய். அந்த ஒரு மாற்றத்திலேயே ஆண்டுச் சேமிப்பு 67.5 லட்சத்திலிருந்து சுமார் 54.4 லட்சமாக இறங்கி, முதல் திரும்பும் காலம் 3.9 ஆண்டாகிவிட்டது.

இப்படிக் குறியில்லாத எண்கள் நான்கு கிடைத்தன. ஆக மொத்தம் 27 வரிகள். இவற்றை அப்படியே பதிவேடு என்று அழைத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது வெறும் பட்டியல். பதிவேடாக வேண்டுமானால் ஒவ்வொரு வரியும் எந்த வகை என்று பிரிக்கப்பட வேண்டும். இன்றைக்கு உண்மை என்று வைத்துக்கொண்டு, இன்னும் சரிபார்க்காமல் விட்டிருப்பது அனுமானம். கூரை எடையைத் தாங்கும் என்பது அதற்கு எடுத்துக்காட்டு. அதற்கு விடை இப்போதே எங்கோ இருக்கிறது. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நாளை நடக்கவும் நடக்காமல் போகவும் கூடியது இடர். டாலர் மதிப்பு ஏறி பேனல் விலை உயர்வது அந்த வகை. அதற்கு எவ்வளவு அலைந்தாலும் இன்று விடை கிடைக்காது. இரண்டையும் கலந்துவிட்டால், ஒரு வாரத்தில் தீர்க்கக்கூடிய கேள்வி, நடப்பதற்கான வாய்ப்பு நடுத்தரம் என்ற முத்திரையோடு பதிவேட்டில் மாதக்கணக்கில் தூங்கும். மூன்றாவதாக, வாடிக்கையாளர் பொறுப்பு, விலையில் அடங்காது என்பன போன்ற விலக்குகள் உண்டு. அவை ஒப்பந்தப் பேச்சுக்கு உரியவை என்றாலும், ஒவ்வொரு விலக்குக்குப் பின்னாலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒதுக்கிவிடக் கூடாது.

வரியைத் திருத்தி எழுதும் வேலைதான் அதிக நேரம் எடுப்பது. 6ஆம் ஸ்லைடில் கூரையின் படத்தின் மேல் பேனல்கள் வரையப்பட்டு, அதன் கீழே அமைப்பு தோராயமானது என்று இருந்தது. தோராயமானது என்ற சொல்லை எவராலும் சரிபார்க்க முடியாது. 19ஆம் ஸ்லைடின் விலக்குப் பட்டியலில் கூரையைப் பலப்படுத்துவதும் தகடு மாற்றுவதும் விலையில் அடங்காது என்று இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபின் நாங்கள் எழுதிய பதிவு இதுதான்: “இரண்டு கொட்டகைகளின் கூரையும், தாங்கு சட்டம் உட்பட ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ கூடுதல் எடையையும் பலத்த காற்றின் மேல்தூக்கு விசையையும் தாங்கும் என்று கொள்ளப்பட்டுள்ளது. தவறானால் பலப்படுத்தும் செலவு ஆலையைச் சேரும். சரிபார்ப்பவர்: கட்டமைப்புப் பொறியாளர். கெடு: ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்.” எதை நம்புகிறோம், பொய்த்தால் யார் பணம் கொடுப்பார், யார் எப்போது பார்ப்பார் என்பவை மூன்றும் அதில் இருக்கின்றன. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்தப் பதிவு கூட்டத்தில் வாசிக்கப்படும். அதன்மேல் எவரும் நடவடிக்கை எடுக்க மாட்டார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் வரிகள் சேர்ந்தால் வேறாகின்றன. 9ஆம் ஸ்லைடில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,500 யூனிட் என்று இருந்தது; தமிழ்நாட்டு வெயிலுக்கு அது நியாயமான எண்தான். 14ஆம் ஸ்லைடின் அடிக்குறிப்பு, மாதம் இருமுறை பேனல்களைக் கழுவினால் அந்த எண் பொருந்தும் என்றது. 22ஆம் ஸ்லைடு, கழுவுவதற்கான தண்ணீரை வாடிக்கையாளர் தர வேண்டும் என்றது. சுமார் 920 பேனல்களுக்கு, ஒன்றுக்கு 2 லிட்டர் என்று வைத்தால் ஒரு முறைக்கு 1,800 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆலையில் இருப்பதோ உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீர். அது காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படிவம் நிற்கும். இதோடு எந்த ஸ்லைடிலும் இல்லாத ஒன்றும் சேர்ந்தது: நூற்பாலையின் காற்று வெளியேற்றும் வாய்கள் கூரையை ஒட்டியே இருப்பதால், பஞ்சுத் தூசு பேனல்களின் மேல் வந்து படியும். பராமரிப்பு மேற்பார்வையாளரோடு கூரைக்கு ஏறியபோது அவர் கைவிரலால் தகட்டைத் தேய்த்துக் காட்டினார். சாம்பல் நிறப் பஞ்சு திரியாகச் சுருண்டு வந்தது. ஆகவே மூன்று வரிகளையும் ஒரே பதிவாக்கி, உற்பத்தி 8 சதவீதம் குறைந்தால் என்னவாகும் என்று கணக்கிட்டோம். ஆண்டுச் சேமிப்பு ஏறத்தாழ 50 லட்சம், திரும்பும் காலம் 4.2 ஆண்டு. அந்த 8 சதவீதம் எங்கள் மதிப்பீடு மட்டுமே என்பதையும் பதிவிலேயே எழுதினோம்; பதிவேடு தன் சொந்த அனுமானங்களை மறைக்கத் தொடங்கினால் அதுவும் இன்னொரு பிபிடி ஆகிவிடும்.

கால அட்டவணையிலும் இதே போன்ற இணைப்பு ஒன்று இருந்தது. 12 வாரத்தில் பணி முடியும் என்று 17ஆம் ஸ்லைடு சொன்னது. அடிக்குறிப்பில் அந்த 12 வாரம், மின் ஆய்வாளர் அனுமதி உட்பட எல்லா அனுமதிகளும் கிடைத்த நாளிலிருந்து தொடங்குவதாக இருந்தது. விலை 15 நாள்களுக்கு மட்டுமே செல்லும் என்றது 29ஆம் ஸ்லைடு. அனுமதிக்கு எவ்வளவு நாள் ஆனாலும் அது 15 நாளைத் தாண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆகவே விலை எந்த நாளில் உறுதியாகிறது என்ற ஒரே கேள்வியாக அதைத் திருப்பி அனுப்பினோம்.

27 வரிகள் இணைந்து 14 பதிவுகளாயின: 8 அனுமானங்கள், 3 இடர்கள், 3 ஒப்பந்தக் கேள்விகள். வாய்ப்புக்கும் விளைவுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு, பெருக்கி, வண்ணம் தீட்டும் அட்டவணையை நான் இந்தக் கட்டத்தில் தவிர்க்கிறேன். சரிபார்க்கப்படாத அனுமானத்துக்கு மதிப்பெண் போடுவது ஊகத்தின் மேல் இன்னோர் ஊகம். அதற்குப் பதிலாக, பொய்த்தால் திரும்பும் காலம் எத்தனை மாதம் தள்ளிப்போகும் என்ற ஒரே அளவால் வரிசைப்படுத்தினோம். ஆலை உரிமையாளருக்கும் அந்த மொழிதான் புரிந்தது. மின் பேனலில் இணைப்புக்கு இடம் இருக்கிறதா என்ற கேள்வியை ஆலையின் மின் பொறியாளர் அன்றே கதவைத் திறந்து பார்த்து முடித்துவிட்டார். இடம் இருந்தது, பதிவு மூடப்பட்டது.

பதிவேட்டை அந்த நிறுவனத்துக்கே அனுப்பியபோது முதலில் சற்று மனக்கசப்பு ஏற்பட்டது. ஒவ்வொரு பதிவின் அருகிலும் அவர்களுடைய சொந்த வரி, ஸ்லைடு எண்ணோடு இருந்ததால் பேச்சு விரைவில் பொருளுக்குத் திரும்பியது. டிமாண்ட் கட்டணம் பற்றிய கேள்வியை அவர்கள் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். கழுவுவதற்கு உப்பு நீக்கும் சிறு இயந்திரத்தையும் விலையில் சேர்த்துத் தர ஒப்புக்கொண்டார்கள்.

கூரை அறிக்கை மூன்று வாரம் கழித்து வந்தது. புதிய கொட்டகையின் உலோகத் தகட்டுக் கூரையில் பிரச்சினை இல்லை. பழைய கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் ஆள் ஏறி வேலை செய்யவே ஏற்றவை அல்ல என்றும், அவற்றை மாற்ற 28 லட்சம் ரூபாய் ஆகும் என்றும் பொறியாளர் எழுதியிருந்தார். அதையும் சேர்த்தால் திரும்பும் காலம் ஏறத்தாழ 4.8 ஆண்டு. அனுமானமாக இருந்த அந்தப் பதிவை மூடி, செலவுப் பட்டியலுக்கு மாற்றினோம். ஆலை உரிமையாளர் புதிய கொட்டகையில் மட்டும் 300 கிலோவாட் அமைப்பதற்குத் திருத்திய முன்மொழிவைக் கேட்டிருக்கிறார். அதன் பிபிடி வந்து சேர்ந்ததும் பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.