பச்சிளங்குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்குகிறீர்களா? முதலில் மோவாயைப் பாருங்கள்

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபரிசோதனைக்கு வரும் பெற்றோரில் பலர், குழந்தையை ஸ்ட்ரோலரிலோ நெஞ்சில் கட்டிய கேரியரிலோ வைத்தபடியேதான் அறைக்குள் வருவார்கள். எடை பார்க்கத் தூக்குவதற்கு முன் குழந்தையின் மோவாய் எங்கே இருக்கிறது என்று ஒரு நொடி பார்த்துவிடுவேன். அது நெஞ்சில் போய் முட்டிக்கொண்டிருந்தால், எடை, தடுப்பூசி எல்லாம் அப்புறம்தான்.

பிறந்த குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. பின்மண்டையும் சற்றுப் புடைத்திருக்கும். அந்தத் தலையைத் தாங்கும் வலு கழுத்துத் தசைக்கு இன்னும் வந்திருக்காது. மூச்சுக்குழலோ குறுகலானது, மென்மையானது. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்தால் தலை முன்னால் சாய்ந்து, மூச்சுப்பாதை மடங்கிவிடும். இதில் பயப்பட வேண்டிய விஷயம், சத்தமே வராது என்பதுதான். மூச்சு முட்டினால் குழந்தை அழும், நமக்குத் தெரிந்துவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அழுவதற்கே காற்று வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, குழந்தை அமைதியாகத் தூங்குவது போலவே இருக்கும்.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை ஒரு குடும்பத்தின் கதையோடு சொல்கிறேன். 36 வாரத்தில் சிசேரியனில் பிறந்த குழந்தை, பிறப்பு எடை 2.3 கிலோ. பிரசவத்துக்கு முன்பே அவர்கள் இரண்டு பொருள் வாங்கி வைத்திருந்தார்கள். ஒன்று, குடை மாதிரி ஒடுங்கி மடியும் ஸ்ட்ரோலர். எடை ஐந்தரை கிலோதான். இன்னொன்று, இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் உள்ள துணிக் கேரியர். வாங்கியதற்கு அவர்கள் சொன்ன காரணமும் நியாயமானதே: “அறுவை சிகிச்சை ஆனவள், கனமானதைத் தூக்கக்கூடாது இல்லையா சிஸ்டர்?”

முதலில் ஸ்ட்ரோலர். சாய்மானத்தை முழுக்க இறக்கச் சொல்லிக் குழந்தையைக் கிடத்தினேன். ஓரிரு நிமிடத்திலேயே இடுப்பு முன்னால் வழுக்கி, முதுகு வளைந்து, மோவாய் நெஞ்சைத் தொட்டுவிட்டது. காரணம் அந்த மடிப்பிலேயே இருக்கிறது. குடை போல ஒடுங்கி மடிய வேண்டுமானால் இருக்கைக்குள் கெட்டியான தட்டு இருக்க முடியாது. இரண்டு பக்கக் குழாய்களுக்கு நடுவில் துணி தொங்க வேண்டும். சாய்த்தாலும் அது தொட்டில் மாதிரி குழிந்துதான் நிற்கும். கழுத்து நின்று, உட்காரப் பழகிய குழந்தைக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. பிறந்த குழந்தைக்கு அது சரிவராது. மடிப்பு விதத்தைப் பலர் கார் டிக்கியில் அடங்குமா என்ற கணக்கில்தான் பார்க்கிறார்கள். குழந்தை எப்படிக் கிடக்கும் என்பதையும் அதே மடிப்புதான் தீர்மானிக்கிறது.

ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1888, பிறந்த நாளிலிருந்து பயன்படுத்தலாம் என்று சொல்லப்படும் இருக்கைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. முழுக்கச் சாய்த்த நிலையில் முதுகுப் பலகைக்கும் உட்காரும் பகுதிக்கும் இடையே குறைந்தது 150 பாகை கோணம் இருக்க வேண்டும். 180 என்றால் ஒரே தட்டை. அந்த அளவுக்கு விரியாத ஸ்ட்ரோலரில், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை இருக்கும். இவர்களுடைய ஸ்ட்ரோலரிலும் இருந்தது, இருக்கைக்கு அடியில் தைத்த சின்னத் துணிச் சீட்டில். பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருந்ததோ ஒரு கைக்குழந்தை. விளம்பரப் படத்தை நம்பாதீர்கள், தைத்த சீட்டைத் தேடிப் படியுங்கள்.

தரநிலை பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. “சர்வதேசத் தரம்” என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. எண் வேண்டும். ஸ்ட்ரோலருக்கு இஎன் 1888 அல்லது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்833. துணிக் கேரியருக்கு இஎன் 13209-2 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2236. தோளில் குறுக்காகப் போடும் ஸ்லிங் வகைக்கு ஏஎஸ்டிஎம் எஃப்2907. ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குவதாகச் சொல்லும் சிஇ முத்திரையைக் காட்டி “பாதுகாப்பானது” என்று சொல்லும் விற்பனையாளரை நானே பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் ஸ்ட்ரோலருக்கு அந்த முத்திரையே கிடையாது. அதில் தொங்கும் பொம்மைக்குத்தான் அது உரியது.

“தலைக்குப் பின்னால் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாமா?” என்று அப்பா கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்வி. வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏற்கெனவே புடைத்த பின்மண்டை, துணி தள்ளியதும் இன்னும் முன்னால் போய் மோவாயை நெஞ்சில் அழுத்தும். தயாரிப்பாளரே அந்த மாடலுக்கென்று கொடுத்த மெத்தையைத் தவிர வேறு எதையும் உள்ளே திணிக்க வேண்டாம்.

சரி, கேரியருக்கு வருவோம். அதில் தைத்த துணிச் சீட்டில் 3.5 முதல் 15 கிலோ வரை என்று போட்டிருந்தது. கேரியரின் அதிகபட்ச எடையை எல்லாரும் பார்ப்பார்கள், குறைந்தபட்ச எடையை யாரும் பார்ப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு அதுதான் முக்கியம். எடை குறைந்த குழந்தைக்குக் கேரியரின் உடல்பகுதி பெரிதாகிவிடும். அதற்குள் குழந்தை சரிந்து, சுருண்டு, மூக்கு துணியில் புதைந்துவிடலாம்.

2.3 கிலோ குழந்தை 3.5 கிலோ ஆக எவ்வளவு நாள் ஆகும்? பிறந்த சில நாளில் எடை கொஞ்சம் குறையும். பிறப்பு எடைக்குத் திரும்பவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிவிடும். அதற்குப் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுவது வழக்கம். நடுவில் 25 என்று வைத்துக்கொண்டால், மீதி 1200 கிராமுக்கு 48 நாள். இரண்டு வாரத்தையும் சேர்த்தால் இரண்டு மாதம். அதுவரை அந்தக் கேரியர் அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். குறைமாதக் குழந்தை என்பதால், எடை வந்த பிறகும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்கச் சொன்னேன்.

பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. “ரெண்டு கிலோ குழந்தையை நீங்களே அவ நெஞ்சுல கட்டி வெச்சீங்களேம்மா, இப்ப கூடாதுங்கிறீங்க?” என்றார். நல்ல கேள்வி. கங்காரு பராமரிப்பில் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருப்பார். குழந்தை தோலோடு தோலாக ஒட்டி, தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல் இருக்கும். எப்படி இருக்கிறது என்று நாங்கள் அடிக்கடி வந்து பார்ப்போம். கேரியர் போட்டவர் நடப்பார், குனிவார், போனில் பேசுவார். குழந்தையின் மேல் கண் இருக்காது. இரண்டிலும் கட்டுவது நெஞ்சில்தான் என்றாலும், கவனிப்பு ஒன்றல்ல.

எடை வந்த பிறகு கேரியர் போடும்போது, குனியாமலே குழந்தையின் முகம் தெரிய வேண்டும். உச்சந்தலைக்கு முத்தம் கொடுக்கும் உயரத்தில் தலை இருக்க வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் விரல் ஒன்றாவது தாராளமாக நுழைய வேண்டும். மூக்குச் சிறகு விரிவது, விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குவது, முனகல் சத்தம், உதட்டைச் சுற்றி நீலம் பாரிப்பது: இவற்றில் எது தெரிந்தாலும் உடனே வெளியே எடுத்து, கழுத்தை நேராக்கிப் பார்க்க வேண்டும். சட்டென்று சரியாகாவிட்டால் மருத்துவ உதவி தேட வேண்டும். கால்கள் நேராகத் தொங்காமல், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து விரிந்திருக்கட்டும். இடுப்பு மூட்டு வளரும் வயது அது. உலகத்தைப் பார்க்கும் விதமாக வெளியே திருப்பிப் போடுவது, கழுத்து நன்றாக நின்ற பிறகுதான்.

கடைசியில் அவர்கள் எடுத்தது, தட்டையான படுக்கைப் பெட்டியைச் சட்டத்தின் மேல் பொருத்தும் வகை. சட்டம் எட்டு கிலோ, பெட்டி மூன்றரை கிலோ. மொத்தம் பழைய ஸ்ட்ரோலரைப் போல இரண்டு மடங்கு. ஆனால் இரண்டும் தனித்தனியே கழன்று வரும். சட்டத்தை மாடிப்படியில் தூக்குவது அப்பாவின் வேலை. சிசேரியன் ஆன முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமானதைத் தூக்காமல் இருப்பது நல்லது என்றுதான் நாங்கள் சொல்வோம். குழந்தையையும் பெட்டியையும் சேர்த்தால் ஆறு கிலோ வரும், அதனால் பெட்டியையும் குழந்தையோடு அம்மா தூக்கவில்லை. எடை குறைந்த ஸ்ட்ரோலரைத் தேடுவதைவிட, யார் எதைத் தூக்குவது என்று முன்பே பேசி வைப்பது பல வீடுகளில் எளிதாக முடிகிறது. இந்தப் படுக்கைப் பெட்டிக்கும் எல்லை உண்டு. பெரும்பாலும் 9 கிலோ, அல்லது குழந்தை தானாக எழுந்து உட்கார முயலும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை.

கார் இருக்கையைக் கழற்றி ஸ்ட்ரோலர் சட்டத்தில் மாட்டும் வசதியும் இப்போது நிறைய வருகிறது. காரிலிருந்து வாசல் வரை சரி. அதிலேயே மணிக்கணக்கில் தூங்கவிடுவது கூடாது. கார் இருக்கை விபத்தில் காப்பாற்ற வடிவமைத்தது, அரைகுறையாக உட்கார்ந்த நிலையில்தான் குழந்தையை வைத்திருக்கும்.

மடிப்புப் பூட்டை எப்படிச் சோதிப்பது என்று அவர்களுக்குச் செய்து காட்டினேன். தானாக மடியாமல் இருக்க, மடக்குவதற்குக் குறைந்தது இரண்டு தனித்தனிச் செயல்கள் தேவைப்படும் பூட்டு வேண்டும். ஒரு பட்டனை அழுத்தி, இன்னொன்றைத் திருகுவது மாதிரி. குழந்தை இல்லாமல் விரித்து, ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடாமல், கொக்கி முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஒரு பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். சட்டம் அசைந்து மடியத் தொடங்கினால் வாங்க வேண்டாம். அப்படியே கீல்களையும் பாருங்கள். 2009இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 10 லட்சம் ஸ்ட்ரோலர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. விரிக்கும்போதும் மடக்கும்போதும் கீலில் சிக்கி, 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாகப் புகார் வந்திருந்தது. கீலுக்கு மூடி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மூடி இருந்தாலும், மூத்த பிள்ளை பக்கத்தில் கைவைத்துக்கொண்டு நிற்கும்போது மடக்காதீர்கள்.

கைப்பிடியில் பையை மாட்டுவது இன்னொரு வழக்கமான தப்பு. படுத்திருக்கும் குழந்தை மூன்று கிலோதான், கைப்பிடிப் பையும் அதே கனம் வந்துவிட்டால், குழந்தையைத் தூக்கிய அந்த நொடியில் வண்டி பின்னால் சாய்ந்துவிடும். பையைக் கீழ்க் கூடையில் வையுங்கள், அதன் எடை வரம்புக்குள்.

உறவினர் வீட்டிலிருந்து பழையது வந்தால் இதே பூட்டுச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். மாடல் எண்ணையும் தயாரித்த தேதியையும் படித்து, அது திரும்ப அழைக்கப்பட்டதா என்று தேடுங்கள். சீட்டு கிழிந்து அந்த எண்ணே இல்லாமல் போயிருந்தால், பிறந்த குழந்தைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.