ஹெட்போன் பழைய போனை விட மாட்டேன் என்கிறதா?

சென்ற மாதம் உவர்மலையிலிருந்து ஒரு டீச்சர் என் கடைக்கு வந்தார். "தம்பி, இது பழுதாப் போச்சு. எப்ப போட்டாலும் மகன்ட போனுக்குத்தான் போகுது" என்று ஹெட்போனை மேசையில் வைத்தார். தன் பழைய போனை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார். ஒன்லைன் வகுப்பு தொடங்கும்போது ஹெட்போன் பக்கத்து அறையில் இருக்கும் மகனின் போனைப் பிடித்துக்கொள்ளும். புதிய போனில் Forget கொடுத்து மூன்று முறை மறுபடி இணைத்தும் பலனில்லை.

பழுது ஒன்றுமில்லை. புளூடூத்தில் இரண்டு கருவிகளை முதல்முறை இணைக்கும்போது ஒரு இரகசியச் சாவி உருவாகி இரண்டு பக்கமும் பதிவாகும். போனில் Forget கொடுத்தால் அந்தப் போனில் உள்ள பதிவு மட்டும்தான் அழியும். ஹெட்போன் தனக்குள் ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. பவர் போட்டதும் அதில் உள்ள போன்களை அதுவே தேடிப் போகும். டீச்சர் அழித்தது புதிய போனின் பதிவை. பழைய போனின் சாவி ஹெட்போனிலும் மகனின் போனிலும் அப்படியே இருந்தது.

மகனின் போனில் Forget கொடுத்தாலே போதும்தான். ஆனால் அந்தப் போன் வீட்டில் இருந்தது. பழைய போனை விற்றுவிட்டவர்களுக்கு அந்த வழியே கிடையாது. அதனால் ஹெட்போனின் பட்டியலையே அழித்தேன்.

பவர் பட்டனை நீளமாக அழுத்தி இணைக்கும் நிலைக்குக் கொண்டுபோவதைப் பலர் ரீசெட் என்று நினைக்கிறார்கள். அது பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்க்குமே தவிர பட்டியலை அழிக்காது. அழிக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறு. உதாரணத்துக்கு, சோனி WH-1000XM4 எட்டுக் கருவிகள் வரை நினைவில் வைக்கும். அதை அழிக்க, சார்ஜ் வயரைக் கழற்றி, ஹெட்போனை அணைத்து, பவர் பட்டனையும் CUSTOM பட்டனையும் சேர்த்து 7 விநாடி அழுத்த வேண்டும். நீல விளக்கு நான்கு முறை மின்னினால் சரி. உங்களுடையது வேறு மாடல் என்றால் கூட வந்த கையேட்டைப் பாருங்கள். ஊகித்து அழுத்த வேண்டாம். சவுண்ட் செட்டிங்கும் இதோடு சேர்ந்து பழையபடி ஆகிவிடும்.

அடுத்த படியைத்தான் அநேகமானோர் விட்டுவிடுகிறார்கள். ஹெட்போன் சாவியை மறந்துவிட்டது, போன் மறக்கவில்லை. போனின் புளூடூத் பட்டியலில் ஹெட்போனின் பெயர் தெரியும், தொட்டால் இணையாது. டீச்சரின் போனிலும் அப்படித்தான் நின்றது. அதில் ஒருமுறை Forget கொடுத்து, புதிதாகத் தேடி இணைத்ததும் சரியானது.

இரண்டு காதுக்கும் தனித்தனியாக வரும் இயர்பட்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மலிவான சிலவற்றில் ஒரு பக்கத்தை மட்டும் ரீசெட் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று மறந்து, ஒரு காதில் மட்டும் சத்தம் வரும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

வீட்டுக்குப் போய் மகனின் போனில் புளூடூத்தை ஓன் செய்து வைத்துவிட்டே ஹெட்போனைப் போட்டுப் பார்க்கும்படி டீச்சரிடம் சொல்லி அனுப்பினேன். அன்று இரவே அழைத்தார்: "இப்ப என்ட போனுக்குத்தான் வருது தம்பி."