எதை ‘கன்ஃபர்ம்’ செய்யச் சொல்கிறீர்கள்?

அலுவலகக் கடிதங்களைத் திருத்துவது என் வேலை. ‘கைண்ட்லி கன்ஃபர்ம் த சேம்’ என்று முடிகிற இன்னொரு மெயில் இந்த வாரம் தகராறாகி என்னிடம் வந்தது. அதில் இருந்தது இரண்டு விஷயம்: ஆர்டர் 200 பெட்டியிலிருந்து 250 ஆகிறது, டெலிவரி ஜூன் 12-க்குப் பதில் 19. கடைசி வரி அந்த ‘த சேம்’. சப்ளையர் ‘கன்ஃபர்ம்ட்’ என்று பதில் போட்டார். 19-ஆம் தேதி 200 பெட்டிதான் வந்தது. தேதிக்குத்தான் சரி சொன்னேன் என்கிறார் அவர். அளவுக்கும் சேர்த்துத்தானே கேட்டோம் என்கிறார்கள் மெயில் அனுப்பியவர்கள். அந்த மெயிலை வைத்து இருவரில் யாரையும் தப்பென்று சொல்ல முடியாது.

இந்த ‘த சேம்’ என்பதை ஏன் மாற்ற மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: “அதுதான் மரியாதை, ‘இட்’ என்று எழுதினால் மொட்டையாக இருக்கிறது.” இல்லவே இல்லை. மரியாதை ‘ப்ளீஸ்’ என்பதில் இருக்கிறது, கேட்கிற விதத்தில் இருக்கிறது. ‘த சேம்’ பழைய பத்திர நடையின் மிச்சம், அவ்வளவுதான். ஒரே சொல் இரண்டாம் முறை வரக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது கட்டுரைக்கு. வேலைக் கடிதத்தில் சொல் திரும்ப வந்தால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ‘இட்’ என்றால் ஒன்று, ‘தெம்’ என்றால் பல என்றாவது தெரியும். ‘த சேம்’ அதைக்கூடச் சொல்லாது.

சரி, எப்படி மாற்றுவது? ‘த சேம்’ எதைக் குறிக்கிறது என்று உங்களையே கேளுங்கள். பதிலாக என்ன பெயர்ச்சொல் வருகிறதோ, அதையே எழுதுங்கள். மேலே சொன்ன மெயிலில், ‘ப்ளீஸ் கன்ஃபர்ம் த குவான்டிட்டி, 250 பாக்ஸஸ், அண்ட் த டெலிவரி டேட், ஜூன் 19’ என்றிருந்தால் தகராறே இல்லை. முன்னால் இருப்பது ஒரே பொருள் என்றால் ‘இட்’ போதும்: இன்வாய்ஸை இணைத்துவிட்டு ‘ப்ராசஸ் த சேம்’ என்பதற்குப் பதில் ‘ப்ளீஸ் ப்ராசஸ் இட்’. செயலைக் குறித்தால், ‘டன் த சேம்’ என்பது ‘டன் ஸோ’ ஆகும். பதில் யோசிக்கவே நேரமானால், படிப்பவருக்கும் புரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘த ஸெட் வென்டர்’ என்பதும் நம் ‘மேற்படி நபர்’ மாதிரிதான். கடிதத்தில் ஒரே வென்டர் என்றால் ‘த வென்டர்’ போதும். இருவர் இருந்தால் ‘ஸெட்’ போட்டாலும் எவர் என்று தெரியாது, பெயரை எழுதுங்கள். ஒப்பந்தத்திலும் இது வேண்டாம். முதல் பத்தியிலேயே ‘வென்டர்’ என்றால் யார் என்று வரையறுத்துவிட்டு, கடைசிவரை அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

அனுப்புவதற்கு முன் ‘சேம்’ என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள், தயவுசெய்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். ‘போன மாதம் போலவே அதே தேதி’ என்ற பொருளில் ‘த சேம் டேட்’ வந்தால், அது ஒப்பீடு. அதைத் தொட வேண்டாம்.